குடிநீர்க் கருவிகள் சொல்வதும் சொல்லாததும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)

 

இன்று பல ஊர்களில் குடிநீரைச் சோதிக்கும் இரு சிறு கருவிகள் வந்துவிட்டன. ஒன்று, பேனாவைப் போன்ற வடிவில் சட்டைப் பையில் அடங்கும் டி.டி.எஸ். மானி. மற்றொன்று, நீரின் கலங்கலை அளக்கும் கலங்கல் மானி. சில ஊர்களில் இவற்றின் உணர்விகளை மேல்நிலைத் தொட்டியிலேயே பொருத்தி, அளவுகளைக் கைப்பேசியில் பார்க்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இக்கருவிகள் காட்டும் எண்ணைக் கொண்டு, "இந்தக் கிணற்று நீர் நல்லது, அந்தக் கிணற்று நீர் கெட்டது" என்று தீர்மானம் எழுதும் வழக்கமும் தோன்றியிருக்கிறது. அப்படி எழுதலாமா, எழுதினால் என்ன நேரும் என்பதைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

உப்பை அளக்கும் கருவி

டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவைக் குறிக்கும். மழை நீர் பாறையிலும் மண்ணிலும் ஊறிச் செல்லும்போது சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம் முதலியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்கினால், பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிந்து நிற்பதே அந்த உப்பு. சோதனைச்சாலையில் இதனை நிறுத்துப் பார்த்து, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கூறுவார்கள்.

கையடக்கக் கருவி இவ்வாறு ஆவியாக்குவதும் இல்லை, நிறுப்பதும் இல்லை. அதன் நுனியில் இரு சிறு உலோக முனைகள் இருக்கின்றன. அவற்றிற்கிடையே நீரின் வழியாக எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. உப்பு மிகுந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். உப்பு குறைந்த நீரில் பாய்வது கடினம். இந்த மின்கடத்தும் திறனை மைக்ரோசீமன்ஸ் என்னும் அலகில் அளந்து, பிறகு ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, ppm என்னும் எழுத்துகளோடு திரையில் காட்டுகிறது. நல்ல நீரைப் பொறுத்தவரை ஒரு ppm என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றே கொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பெருக்கும் எண். சில கருவிகளில் அது 0.5, வேறு சிலவற்றில் 0.7. மின்கடத்தும் திறன் 1,340 மைக்ரோசீமன்ஸ் உள்ள ஒரே கிணற்று நீரை முதற் கருவி 670 என்றும், இரண்டாம் கருவி ஏறக்குறைய 940 என்றும் காட்டும். இரண்டும் பழுதற்ற கருவிகளே. ஆகவே பக்கத்து ஊரின் கருவியோடு நம் ஊர்க் கருவியை ஒப்பிடுமுன், இரண்டிலும் பெருக்கும் எண் ஒன்றுதானா என்று கருவியுடன் வந்த தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரின் பதிவேட்டில் எந்தக் கருவியால் அளந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

வெப்பமும் கணக்கைக் கெடுக்கும். நீரின் வெப்பம் ஒரு பாகை ஏறினால், மின்கடத்தும் திறன் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு ஏறும். கருவிகள் 25 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொண்டவை. வெப்பத்திற்கேற்பத் தானாகவே திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத மலிவான உணர்வியை, வெயிலில் காய்ந்த தொட்டியின் 35 பாகை நீரில் நனைத்தால், உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு மிகையாகக் காட்டிவிடும். விடியற்காலையில் அளந்ததும் நடுப்பகலில் அளந்ததும் வேறுபட்டால், நீர் மாறிவிட்டது என்று உடனே முடிவு கட்டலாகாது.

கலங்கலை அளக்கும் கருவி

கலங்கல் மானியின் வேலை வேறு. ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் நீரை ஊற்றி மூடி உள்ளே வைத்தால், கருவி அதன் ஊடே ஓர் ஒளிக் கற்றையைச் செலுத்துகிறது. நீரில் மண் துகள், பாசி, துரு ஆகியவை மிதந்தால் அவற்றின்மேல் ஒளி பட்டுச் சிதறும். ஒளி செல்லும் திசைக்கு நேர் குறுக்காக வைத்துள்ள ஒரு கண், சிதறிய ஒளியை அளந்து NTU என்னும் அலகில் காட்டுகிறது. இருண்ட வீட்டில் கூரை ஓட்டையின் வழியே வெயில் விழும்போது, அதில் பறக்கும் தூசு பளிச்சென்று தெரிகிறதல்லவா? அதே தத்துவம்தான் இதுவும்.

இந்தக் கருவியை ஏமாற்றுவது எளிது. குப்பியின்மேல் விரல் ரேகை படிந்தாலும், கீறல் விழுந்தாலும், நீரில் காற்றுக் குமிழி இருந்தாலும் ஒளி சிதறும். தெளிந்த நீரையும் கலங்கல் என்று காட்டும். அதற்கு மாறாக, குப்பியை நெடுநேரம் அசையாமல் வைத்தால் மண் அடியில் படிந்து, கலங்கல் நீரும் தெளிந்ததாகக் காட்டப்படும். ஆகவே நீரைக் குலுக்காமல் மெதுவாகக் குப்பியைக் கவிழ்த்து நிமிர்த்தி, வெளிப்புறத்தைத் தூய துணியால் துடைத்து, குமிழி அடங்கிய உடனே அளவைப் பார்க்க வேண்டும்.

மற்றொரு செய்தியும் உண்டு. தொட்டியில் தொங்கவிடும் மலிவான உணர்விகளிற் பல, துணி துவைக்கும் இயந்திரத்தில் அழுக்கு நீரை அறிவதற்கென்று செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அவை ஆயிரக் கணக்கான அளவுள்ள சேற்று நீரை அறியும். குடிநீரில் 1 என்னும் அளவுக்கும் 5 என்னும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை அறியமாட்டா. குடிநீருக்கோ அந்த வேறுபாடுதான் முக்கியம்.

அரசின் அளவுகள்

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 என்னும் ஆவணத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் தரப்பட்டுள்ளது. அதன்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கலங்கல் 1-க்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு வழி இல்லையெனில் 5 வரை ஏற்கலாம்.

உப்பின் அளவுக்கு இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்று நீங்கள் கேட்கலாம். மொத்த உப்பின் அளவு பெரும்பாலும் சுவையையும் பயன்பாட்டையும் பற்றியது. உப்பு ஏறினால் நீர் கரிக்கும்; சுண்ணாம்பு மிகுந்தால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பானையில் வெண்படிவு கட்டும். ஆனால் உயிருக்குத் தீங்கு செய்வது மொத்த உப்பு அன்று. அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னது என்னும் தனிப் பொருள். மொத்தத்தை மட்டும் அறிந்தவர்க்கு அந்தத் தனிப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. சந்தைக்கு வந்த ஒரு மூட்டையை நிறுத்து எடையைச் சொல்லிவிடலாம். உள்ளே இருப்பது நெல்லா, பதரா என்று தராசு சொல்லாது.

மூன்று கிணறுகளின் கணக்கு

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே மூன்று நீராதாரங்கள் உள்ளன. ஏரிக் கரையருகே ஒரு திறந்த கிணறு. தெருவின் நடுவே 120 அடி ஆழமுள்ள பழைய ஆழ்துளைக் கிணற்றில் ஒரு கைப்பம்பு. ஊருக்கு வெளியே 600 அடி ஆழத்தில் புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணறு. பஞ்சாயத்தார் மூன்றையும் அளக்கிறார்கள்.

திறந்த கிணற்றில் உப்பு 280, கலங்கல் 3.2. கைப்பம்பில் உப்பு 940, கலங்கல் 0.8. புதிய ஆழ்துளைக் கிணற்றில் உப்பு 620, கலங்கல் 0.4.

கருவியை மட்டும் நம்பினால் தீர்மானம் எப்படி அமையும்? கைப்பம்பு நீர் உப்பு மிகுந்தது என்று கழிக்கப்படும். உப்பு குறைந்தது என்பதற்காகத் திறந்த கிணற்றை ஒருவர் பரிந்துரைப்பார். பளிங்கு போல் தெளிந்திருப்பதால் புதிய கிணற்றை மற்றொருவர் பரிந்துரைப்பார். ஊராரும் கரிக்காத நீர் என்று மகிழ்வார்கள்.

இப்போது மூன்று நீரும் சோதனைச்சாலைக்குப் போகின்றன. முடிவு வருகிறது. திறந்த கிணற்றில் ஈ. கோலி என்னும் மலக் கிருமி இருக்கிறது. புதிய ஆழ்துளைக் கிணற்றில் புளோரைடு லிட்டருக்கு 2.6 மில்லிகிராம், தர அளவின்படி அது 1-க்குள் இருக்க வேண்டும், வேறு ஆதாரம் இல்லாவிடினும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. கைப்பம்பு நீரில் கிருமி இல்லை, புளோரைடு 0.8; நைட்ரேட் 30, அதன் எல்லையோ 45. அஃதாவது, கருவி மிகத் தாழ்வாக மதிப்பிட்ட நீரே அன்று குடிக்கத் தகுந்த நீர்.

கருவி பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அதனிடம் விடை தேடியதுதான் பிசகு. புளோரைடைப் பாருங்கள். மொத்த உப்பு 620 மில்லிகிராமில் புளோரைடு 2.6 மட்டுமே. 1,000 வரை அளக்கும் சாதாரணக் கருவி நூற்றுக்கு இரண்டு பங்கு பிழைபடலாம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிழையே 20 மில்லிகிராம் ஆகிறது. நம் ஊர்ப் புளோரைடு அந்தப் பிழைக்குள் ஏழு தடவைக்கு மேல் ஒளிந்துகொள்ளும். புளோரைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் தோன்றும் எண் ஒன்றே.

கிருமியின் கதையும் இத்தகையதே. ஒரு கிருமியின் எடை மிக நுண்ணியது. ஒரு லிட்டர் நீரில் ஓர் இலட்சம் கிருமிகள் இருந்தாலும், அவற்றின் மொத்த எடை ஒரு மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதை எந்த உப்பு மானியும் உணராது. கண்ணுக்குத் தெரியும்படி நீர் கலங்க வேண்டுமானால், ஒரு மில்லிலிட்டரிலேயே பத்து இலட்சத்திற்கும் மேலாகக் கிருமிகள் பெருக வேண்டும். தர அளவு கூறுவதோ, 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ. கோலி கூடக் காணக் கூடாது என்பது. இரண்டிற்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பார்த்தால், தெளிந்த நீர் தூய நீர் ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

புளோரைடு பற்றி நமக்குப் பழைய படிப்பினை உண்டு. அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில்தான் எலும்புகளை இறுகச் செய்யும் இந்நோய் இந்நாட்டில் முதன்முதலாக 1937-இல் விவரமாக எழுதப்பட்டது. வளரும் குழந்தைகளின் பற்களில் கறை படிவதும், பல்லாண்டுகள் அந்நீரைக் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் விறைத்துப்போவதும் இதன் அடையாளங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிற் புளோரைடு மிகுந்திருந்த காரணத்தால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் காவிரி நீர் கொண்டுவரப்பட்டு, 2013-இல் அத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இந்த நோயைத் தந்த கிணறுகளின் நீர் கலங்கலாக இருக்க வேண்டுமென்பதில்லை. நாவுக்கும் புளோரைடு தெரிவதில்லை.

மீண்டும் நம் மூன்று கிணறுகளுக்கு வருவோம். இரண்டு கிணறுகளின் குறைகளும் ஒரே இனமல்ல என்பதைப் பஞ்சாயத்தார் உணர வேண்டும். திறந்த கிணற்றின் குறை பிளீச்சிங் பவுடரால் தீரும். 1,000 லிட்டர் நீருக்கு 2 கிராம் குளோரின் தேவையென்று கொண்டால், 25 சதவிகித வலிமையுள்ள பவுடரில் 8 கிராம் வேண்டும். அரை மணி நேரம் கழித்து நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று குளோரின் சோதனைப் பெட்டியால் பார்க்க வேண்டும். இதையும் உப்பு மானி காட்டாது. ஆனால் புதிய ஆழ்துளைக் கிணற்றின் புளோரைடு பிளீச்சிங் பவுடருக்கு அடங்காது. காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய அது இன்னும் செறியும். ஆகவே அவ்வூர்ப் பஞ்சாயத்து, குடிக்கவும் சமைக்கவும் கைப்பம்பு நீர், அது போதாத காலத்தில் முறையாகக் குளோரின் கலந்த திறந்த கிணற்று நீர், துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் புதிய கிணற்று நீர் என்று பிரித்துத் தீர்மானிப்பது அறிவுடைமை.

கருவியின் உண்மையான பயன்

அப்படியானால் கருவிகள் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அவற்றுக்கு மிக நல்ல உபயோகம் ஒன்று உண்டு. ஒரு நாள் எண்ணைக் காட்டிலும், நாள்தோறும் வரும் எண்களின் வரிசையே பயன் தருவது. சோதனைச்சாலை ஆண்டிற்கு ஓரிரு முறை பார்க்கும். கருவி தினந்தோறும் பார்க்கும். வயலுக்குக் காவலிருப்பவன் வரப்பில் புதுக் காலடி கண்டால் குரல் கொடுக்கிறான். வந்தவர் யார் என்று அவன் தீர்ப்புச் சொல்வதில்லை. நாம் எழுந்து போய்ப் பார்க்கும்படி செய்கிறான். இந்தக் கருவிகளும் அவ்விதக் காவலாளிகளே.

அதே ஊரின் கைப்பம்பைத் தொடர்ந்து பார்ப்போம். எட்டு மாதங்களாக அதன் உப்பு 920-க்கும் 960-க்கும் இடையே நின்றது. கலங்கல் 1-ஐத் தாண்டவில்லை. ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலையில் உப்பு 780, கலங்கல் 6. "உப்பு குறைந்து நீர் இனித்துவிட்டது" என்று ஊரார் மகிழ்ச்சியடைகிறார்கள். பதிவேடு எழுதுபவர் மட்டும் மகிழ்ச்சியடையக் கூடாது, கவலைப்பட வேண்டும்.

120 அடி ஆழத்து நீர் மூன்று நாளில் மாறுவதற்குக் காரணம் என்ன? தெருவில் ஓடும் மழை நீரை அதே கருவியால் அளந்தபோது 140 காட்டியது என்று கொள்வோம். 940 உள்ள நீர் நான்கு குடமும், 140 உள்ள நீர் ஒரு குடமும் கலந்தால் என்ன வரும்? நான்கு குடத்திற்கு 3,760, ஒரு குடத்திற்கு 140, கூட்டினால் 3,900, ஐந்தால் வகுத்தால் 780. அஃதாவது, பம்பிலிருந்து வரும் ஒவ்வொரு ஐந்து குடத்திலும் ஒரு குடம் தெரு நீர். கலங்கல் ஏறியிருப்பதும் அதையே உறுதி செய்கிறது. பம்பைச் சுற்றியுள்ள சிமெண்ட் மேடையில் வெடிப்பு இருக்கலாம். குழாயின் மேல் மூட்டு விட்டிருக்கலாம். தெரு நீரோடு சாக்கடையும் மாட்டுத் தொழுவக் கழிவும் இறங்கியிருக்கும். உப்பு குறைந்த அந்த நாளில்தான் நீர் அபாயமாயிற்று.

அன்று செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, அந்நீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்று ஊருக்கு அறிவித்தல். இரண்டாவது, மலக் கிருமியைக் காட்டும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியில் நீரைக் குறியளவு நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தல். 24 முதல் 48 மணி நேரத்திற்குள் நீர் கறுத்தால் மலக் கலப்பு உண்டென்று ஐயுற வேண்டும். கறுக்காவிட்டால் அபாயமே இல்லை என்று உறுதி கூற இயலாது. சோதனைச்சாலைக்கும் அனுப்ப வேண்டும். மூன்றாவது, மேடையின் வெடிப்பை அடைத்து, மழை நீர் வடிந்தோட வழி செய்தல். நான்காவது, கிணற்றில் குளோரின் இட்டு, அந்நீரை இறைத்து வெளியேற்றிய பின் மறுபடி அளத்தல். உப்பு பழையபடி 940-க்குத் திரும்பினால், தெரு நீர் நின்றது என்று பொருள். இந்தச் செய்தியைச் சொல்ல உப்பு மானியைப்போல் மலிவான, விரைவான கருவி வேறில்லை. கிருமி ஒழிந்ததா என்பதைக் குப்பிச் சோதனையே சொல்ல வேண்டும்.

கலங்கல் மானிக்கும் இத்தகைய தனிப் பயன் உண்டு. நீர் கலங்கியிருந்தால் கிருமிகள் மண் துகளில் ஒட்டிக்கொண்டு குளோரினுக்குத் தப்பும்; குளோரினும் அழுக்கிலேயே செலவாகிவிடும். ஆகவே குளோரின் இடுமுன் கலங்கலைப் பார்ப்பது முறை. 1-க்குக் கீழ் இருந்தால் நன்று. 5-ஐத் தாண்டினால் முதலில் தெளிய வைத்து வடிகட்ட வேண்டும். மேலும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்தவுடன் தெளிந்திருந்த நீர், அரை மணி கழித்துச் செம்மை நிறம் கொண்டு கலங்கினால், அதில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாக மாறுகிறது என்று ஊகிக்கலாம். இரு வேளைகளில் அளந்தால்தான் இது தெரியும்.

கருவியே கெட்டால்

காவலாளியே உறங்கிவிட்டால் என்ன செய்வது? நீர் மாறியதா, கருவி கெட்டதா என்று அறிய எளிய வழி, முன்பே அளவு தெரிந்த நீரில் அதைச் சோதிப்பது. 1,413 மைக்ரோசீமன்ஸ் என்று குறித்த அளவுக் கரைசல் சிறு புட்டிகளில் விற்கப்படுகிறது. 0.5-ஆல் பெருக்கும் கருவி அதில் ஏறக்குறைய 706 காட்ட வேண்டும், 0.7-ஆல் பெருக்குவது 990-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். மாதம் ஒரு முறை இதைச் செய்து பதிவேட்டில் எழுதினால் போதும். உலோக முனையில் சுண்ணாம்பு படிந்தால் அளவு நாளடைவில் குறைந்துகொண்டே வரும். முனையை எலுமிச்சைச் சாற்றில் சிறிது நேரம் ஊற வைத்து, நல்ல நீரில் பன்முறை கழுவினால் படிவு கரையும்.

தொட்டியில் நிரந்தரமாகத் தொங்கும் கலங்கல் உணர்வியின் கண்ணாடியில் பாசி மெல்லிய படலமாகப் படரும். அதனால் கலங்கல் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏறும். வெளியே எடுத்துத் துடைத்தவுடன் அளவு தடாலென்று இறங்கினால், ஏறியது நீரன்று, அழுக்கு என்று தெளியலாம். மழைக்குப் பின் ஒரே இரவில் ஏறுவது வேறு. ஒரு மாதத்தில் நத்தை போல் ஏறுவது வேறு. பதிவேட்டில் மழையையும் குறித்து வைத்தால் இவ்விரண்டையும் எளிதாகப் பிரித்தறியலாம்.

விற்பனையாளர் வித்தை

இன்னொன்றையும் எச்சரிக்க விரும்புகிறேன். நீர்ச் சுத்திகரிப்புப் பொறி விற்க வருவோரில் சிலர் ஒரு வித்தை காட்டுகிறார்கள். இரண்டு குவளைகளில் நம் ஊர் நீரையும் தம் பொறியின் நீரையும் ஊற்றி, இரும்புக் கம்பிகளுள்ள மின் கருவி ஒன்றை இரண்டிலும் நனைப்பார்கள். சிறிது நேரத்தில் நம் நீர் செம்பழுப்பாகக் கலங்கிச் சேறு போல் ஆகும். அவர்கள் நீர் தெளிந்தே நிற்கும். "பாருங்கள், நீங்கள் குடிக்கும் அழுக்கு!" என்பார்கள். அந்தச் சேறு நீரிலிருந்து வந்ததன்று. கம்பியின் இரும்பு கரைந்து துருவாக வந்தது. உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்வதால் கம்பி கரைகிறது. உப்பகற்றிய நீரில் மின்சாரம் பாயாததால் கரைவதில்லை. அவர்களது நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும்.

பொறியே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. புளோரைடு மிகுந்த இடத்தில் அது நல்ல உதவி செய்யும். அங்கே உப்பு மானிக்கும் சரியான வேலை உண்டு. உள்ளே போகும் நீர் 900, வெளியே வரும் நீர் 60 என்றிருந்தது, சில மாதங்களில் 200 ஆக ஏறினால், உள்ளிருக்கும் சவ்வு பழுதுபட்டது என்று உடனே அறியலாம். ஆனால் 60 என்னும் எண், சேமிப்புத் தொட்டியிலும் கொண்டுபோகும் குடத்திலும் பின்னர்க் கிருமி சேரவில்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

பதிவேடும் சோதனைச்சாலையும்

முடிவாக, பஞ்சாயத்துகள் செய்ய வேண்டியதைத் தொகுத்துக் கூறுகிறேன். ஒவ்வொரு நீராதாரத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பம்பை ஐந்து நிமிடம் அடித்துப் பழைய நீரை வெளியேற்றிய பின், அதே நீரால் பாத்திரத்தை மும்முறை கழுவி அளவெடுங்கள். தேதி, நேரம், நீரின் வெப்பம், உப்பு, கலங்கல், மழை ஆகிய ஆறையும் எழுதுங்கள். வழக்கமான உப்பு அளவிலிருந்து பத்தில் ஒரு பங்கு ஏறினாலும் இறங்கினாலும், அல்லது கலங்கல் 5-ஐத் தாண்டினாலும், முதலில் கருவியைச் சரிபாருங்கள். கருவி சரியெனில் காரணத்தைத் தேடுங்கள்.

புதிய நீராதாரம் எதையும், கருவி எவ்வளவு நல்ல எண்ணைக் காட்டினாலும், சோதனைச்சாலை முடிவு வருமுன் குடிக்கத் திறந்துவிடாதீர்கள். புளோரைடு, நைட்ரேட் முதலியவற்றைக் களத்திலேயே நிறமாற்றத்தால் அறியும் சோதனைப் பெட்டிகள் இருக்கின்றன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இச்சோதனைகளில் பயிற்சி தரும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. உங்கள் ஊரில் அவ்வாறு பயின்றவர்கள் இருந்தால் பதிவேட்டை அவர்களிடமே ஒப்படைப்பது பொருத்தம். கிருமிச் சோதனைக்கு நீர் அனுப்பும்போது, சோதனைச்சாலையார் தரும் கிருமி நீக்கிய புட்டியையே பயன்படுத்த வேண்டும். புட்டியின் வாயை விரலால் தொடாமல் நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து, கூடியவரை ஆறு மணி நேரத்திற்குள் சேர்ப்பிக்க வேண்டும். வீட்டில் கழுவிய சோடாப் புட்டியில் அனுப்பினால், வரும் முடிவு கிணற்றைப் பற்றியதா, புட்டியைப் பற்றியதா என்று யாராலும் கூற இயலாது.

இனி உங்கள் மன்றக் கூட்டத்தில் யாரேனும் ஒரு கருவியை உயர்த்திக் காட்டி, "எண் குறைவாக இருக்கிறது, நீர் நல்லது" என்று கூறினால், மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த எண் சென்ற மாதம் என்னவாக இருந்தது? புளோரைடும் நைட்ரேட்டும் எவ்வளவு? கிருமிச் சோதனை எப்போது நடந்தது? முதற் கேள்விக்கு விடை பதிவேட்டில் இருக்கும். மற்ற இரண்டிற்கும் விடை அந்தக் கருவியில் இல்லை. சோதனைச்சாலைத் தாள் வந்த பிறகே தீர்மானத்தை எழுதுங்கள்.